உரைகல்லில் அளவு கிடையாது

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டிய பிறகு பாட்டியோ அத்தையோ உரைகல்லை எடுத்து வைப்பார். பக்கத்தில் ஒரு டப்பா. அதில் ஜாதிக்காய், வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு, சில வீடுகளில் பெருங்காயமும் சித்தரத்தையும். முன்கூட்டியே சோறு வேகும்போது கூடவே போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தவை. வசம்பை மட்டும் விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் கருக்கியிருப்பார்கள். கல்லில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை இழைத்து, வழித்தெடுத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். பாலாடையில் கரைத்துப் புகட்டுவதும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு உரை மருந்து என்று பெயர். வயிற்று உப்புசம் தீரவும், செரிமானத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ராத்திரி குழந்தை அயர்ந்து தூங்கவும் இது கொடுக்கப்படுகிறது.

இந்த டப்பாவில் உள்ளவை எல்லாமே விஷம் என்று சொல்ல வரவில்லை. சுக்கு உரசிக் கொடுத்த குழந்தை தூங்கியதென்றால் அதற்கு வேறு காரணம்தான் இருக்கும். ஆனால் ‘தூங்க வைக்கும்’ என்று பெயர் பெற்றவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தால், அவற்றில் சில உண்மையிலேயே மூளையில் வேலை செய்பவை. ஜாதிக்காய் அதில் ஒன்று. வசம்பு இன்னொன்று. டப்பாவில் இல்லாவிட்டாலும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கசகசா மூன்றாவது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் கசகசாவைப் பற்றியது. மற்ற இரண்டையும்விட அதில்தான் விஷயம் தெளிவாகத் தெரிகிறது.

கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயிலிருந்துதான் அபின் எடுக்கிறார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். காய் பச்சையாக இருக்கும்போது அதன் தோலைக் கீறிவிட்டால் பால் வடியும். அது காய்ந்து இறுகுவதுதான் அபின். அதில் வலியை அடக்கி மயக்கம் தரும் மார்ஃபினும் கோடீனும் இருக்கின்றன. பால் எடுத்த பிறகு காய் செடியிலேயே காய்கிறது, பிறகு உடைத்து விதையை உதிர்க்கிறார்கள். விதைக்குள் மார்ஃபின் ஏறக்குறைய இல்லை. ஆனால் காயை உடைக்கும்போது காய்ந்த பாலும் தோல் தூளும் விதையின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. நம் சமையலறைக்கு வரும் கசகசாவில் எவ்வளவு மார்ஃபின் இருக்கிறது என்பது அந்தச் செடியின் ரகத்தையும், எப்படி அறுவடை செய்தார்கள் என்பதையும், பிறகு விதையைக் கழுவினார்களா என்பதையும் பொறுத்தது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்களிடம் பெட்டியில் கசகசா வைக்காதே என்று எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். அந்த நாடுகளில் அதற்குத் தடை இருப்பது இந்தக் காரணத்தால்தான். விமான நிலையத்தில் காட்டும் அந்த எச்சரிக்கையைத் தொட்டில் பக்கத்தில் யாரும் காட்டுவதில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

இந்த அளவு வேறுபாடு எவ்வளவு பெரியது? ஒரு கிலோ கசகசாவில் 2 மில்லிகிராம் மார்ஃபின் கூட இல்லாத சரக்கும் உண்டு, 200 மில்லிகிராமைத் தாண்டிய சரக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் கடைக்கு வரும் கசகசாவுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த எண்களை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

குழந்தைக்கு ஒன்றரை மாதம், எடை 4 கிலோ. ராத்திரி முழுக்க அழுகிறது. யாரோ சொன்ன குறிப்பின்படி ஒரு மேசைக்கரண்டி கசகசாவை, அதாவது சுமார் 10 கிராம், பாலில் ஊறவைத்து அரைத்து வடிகட்டுகிறார்கள். அதில் உள்ள மார்ஃபினில் பாதி பாலில் இறங்கியது என்றும், அந்தப் பாலில் பாதியைத்தான் குழந்தை குடித்தது என்றும் வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் உள்ள சரக்காக இருந்தால் குழந்தையின் வயிற்றுக்குப் போனது 0.005 மில்லிகிராம். ஒன்றும் ஆகாது. 200 மில்லிகிராம் உள்ள சரக்காக இருந்தால் போனது 0.5 மில்லிகிராம்.

இந்த 0.5 என்பது கேட்க அற்பமாக இருக்கிறது. கடும் வலிக்காக மருத்துவமனையில் இந்த வயதுக் குழந்தைக்கு வாய்வழியாக மார்ஃபின் கொடுக்க நேர்ந்தால், ஒரு கிலோ எடைக்கு 0.05 மில்லிகிராமிலிருந்து தொடங்குவார்கள். 4 கிலோ குழந்தைக்கு அது 0.2 மில்லிகிராம். அதைக் கொடுத்துவிட்டும் மூச்சையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நம் வீட்டுக் கரண்டிக் கணக்கில் அதைப்போல் இரண்டரை மடங்கு போயிருக்கிறது. கருவியும் இல்லை, கண்காணிக்க விழித்திருக்கும் ஆளும் இல்லை. குழந்தை தூங்கிவிட்டதே என்று வீடே தூங்கப் போயிருக்கும்.

“நான் நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று பாட்டி சொல்வது பொய்யில்லை. அவருக்குக் கிடைத்தது முதல் வகைச் சரக்காக இருந்திருக்கும். அடுத்த முறை மளிகைக் கடையில் எந்த மூட்டையைப் பிரித்திருக்கிறார்களோ, அது பாட்டிக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அனுபவம் கைகொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே பொருளைக் கொடுத்திருக்க வேண்டும். இங்கே பெயரும் நிறமும்தான் ஒன்று, உள்ளே இருப்பது நூறு மடங்கு வரை மாறுகிறது.

ஜெர்மனியில் 2005 வாக்கில் இப்படியே நடந்தது. ஆறு வாரக் குழந்தை நன்றாகத் தூங்கட்டும் என்று கசகசாவைப் பாலில் காய்ச்சி வடித்துக் கொடுத்தார்கள். குழந்தையின் மூச்சு மந்தப்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் குழந்தைகளுக்குக் கசகசாப் பால் கூடாது என்று வெளிப்படையாக எச்சரித்தது.

அப்படியானால் குருமாவில் போடுகிறோமே என்று கேள்வி வரும். குருமாவில் ஒரு தேக்கரண்டி கசகசா அரைத்து விட்டு, கொதிக்கவைத்து, ஐந்து பெரியவர்கள் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். கழுவும்போதும் அரைத்து வேகவைக்கும்போதும் மார்ஃபின் ஓரளவு குறைகிறது. மிச்சமிருப்பது 60 கிலோ உடம்புக்குள் போகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. தொட்டில் குழந்தைக்கு மட்டும் ஏன் கணக்கு மாறுகிறது என்றால், எடை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் எடை இல்லை.

மார்ஃபினை உடம்பிலிருந்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அதை வேறொரு பொருளாக மாற்றினால்தான் சிறுநீரகம் வெளியே தள்ள முடியும். பிறந்த குழந்தையின் கல்லீரலில் இதற்கான நொதி இன்னும் முழுதாக உருவாகவில்லை. சிறுநீரகமும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. பெரியவர் உடம்பில் சுமார் இரண்டு மணி நேரத்தில் மார்ஃபின் பாதியாகக் குறைந்துவிடும். நிறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். மாதங்கள் ஆக ஆக இது சீராகும். ஆனால் தூக்க மருந்து தேடும் காலமே அந்த முதல் மாதங்கள்தான். குழந்தைகளின் அழுகை பிறந்த ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகிறது, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணிந்துவிடுகிறது. உடம்பு எப்போது இந்தப் பொருளைச் சமாளிக்கவே முடியாதோ, அப்போதுதான் நாம் அதைக் கொடுக்கத் தூண்டப்படுகிறோம்.

நம் கணக்கையே தொடர்வோம். இரவு பத்து மணிக்குக் கொடுத்த 0.5 மில்லிகிராமில், இரண்டு மணிக்குக் குழந்தை சிணுங்கும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடம்பிலேயே இருக்கும். ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொரு தடவை கொடுத்தால் முதலாவதன் மேல் இரண்டாவது ஏறுகிறது. விடியற்காலையில்தான் அதன் விளைவு முழுதாகத் தெரியும்.

மார்ஃபின் செய்வது தூக்கம் மட்டும் இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு கூடியவுடன் ‘மூச்சு இழு’ என்று உத்தரவிடும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. மார்ஃபின் அந்த இடத்தையே மந்தமாக்குகிறது. சிசுவின் மூச்சு இயல்பிலேயே கொஞ்சம் விட்டுவிட்டு வருவது. அதன் மேல் இந்த மந்தமும் சேர்ந்தால் இடைவெளி நீளும். அழுத குழந்தை அடங்கிப்போகும், அடங்கிய குழந்தை பால் குடிக்காது, பால் குடிக்காத சிசுவின் ரத்தத்தில் சர்க்கரை குறையும். காதுவலியோ காய்ச்சலோ குடலடைப்போ இருந்து அதற்காக அழுத குழந்தை என்றால், அதைச் சொல்லும் ஒரே வழியையும் அடைத்துவிட்டோம்.

இது தமிழ்நாட்டுப் பாட்டிகளின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களின் குழந்தைகளுக்கு ‘பால கோலி’ என்ற அபின் உருண்டை கொடுப்பது சர்வசாதாரணமாக இருந்தது. அம்மா பத்து மணி நேரம் ஆலையில் நிற்க வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருந்துக் கடையில் வெளிப்படையாக விற்ற ஒரு குழந்தைச் சிரப்பில், ஒரு அவுன்ஸுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. மேலே சொன்ன 0.2 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். 1906இல் வந்த சட்டம் சீசாவின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடச் சொன்ன பிறகுதான் தாய்மார்களுக்கு அது தெரியவந்தது. தூங்காத குழந்தையும் ஓய்வில்லாத அம்மாவும் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த மருந்து ஏதோ ஒரு பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது.

கசகசாத் தோல், அதாவது போஸ்தக்காய், விதையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மார்ஃபின் இருப்பதே அந்தத் தோலில்தான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதையை விட்டுவிட்டுச் செடியின் மற்றப் பாகங்களைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. இருந்தும் அதைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குத் தரும் பழக்கம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கவே அவசியம் இல்லை.

ஜாதிக்காய் வேறு வகை. அதில் மார்ஃபின் இல்லை. மிரிஸ்டிசின், எலிமிசின் என்ற எண்ணெய்ச் சத்துகள் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் சுமார் 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு ஜாதிக்காய் தின்றால், வாய் வறண்டு, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குழப்பமும் மயக்கமுமாக ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடக்க நேரிடும். அதே அளவை எடைக்குத் தக்கபடி 4 கிலோ குழந்தைக்குக் குறைத்தால் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. ஒரு சிட்டிகைத் தூள். சிசுவின் கல்லீரலை நினைத்தால் அதைவிடக் குறைவிலேயே சிக்கல் வரலாம்.

பழைய முறையில் கல்லில் இரண்டு தடவை இழைத்தால் தேய்ந்து வருவது கொஞ்சம்தான். அதனாலேயே பல குழந்தைகள் தப்பித்திருக்கின்றன. இன்று கடையில் ஜாதிக்காய்த் தூளாகவே கிடைக்கிறது. ‘ஒரு சிட்டிகை பாலில் கலந்து கொடுங்கள்’ என்று குறிப்பும் கூடவே பரவுகிறது. இழைப்பு சிட்டிகையாக மாறிய இடத்தில் அளவு எத்தனையோ மடங்கு எகிறிவிட்டது, மருந்தின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னொரு சிக்கல், ஜாதிக்காயின் விளைவு உடனே தெரியாது. மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் ‘இன்னும் தூங்கவில்லையே’ என்று மறுபடியும் கொடுத்திருப்பார்கள்.

வசம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப்பெயர் பெற்ற அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் உண்டானதால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அளவு மிஞ்சினால் கடும் வாந்தி வரும். தூக்கத்துக்கு அதை நாக்கில் தடவுவதில் லாபம் எதுவும் இல்லை. வசம்பு வளையல் கையில் போட்டால் குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இயல்பான தூக்கத்தையும் மயக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கு எழுந்துவிடும். அப்படி எழுவது நோய் இல்லை. சிறிய வயிறு காலியாகிவிட்டது என்றுதான் பொருள். தூங்கும் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தால் முகம் சுளிக்கும், காலை இழுத்துக்கொள்ளும், உதட்டில் முலைக்காம்பு பட்டால் சப்ப முயலும். மயக்கத்தில் உள்ள குழந்தையின் கையைத் தூக்கி விட்டால் துணிபோல விழும், சப்பாது, அழுதாலும் குரல் எழும்பாது. சட்டையை விலக்கி நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பச்சிளம் குழந்தைக்கு 30 முதல் 60 வரை இருக்கும். அதற்குக் கீழே இறங்கினாலோ, நீண்ட இடைவெளி விட்டு மூச்சு வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அது ஆபத்து. கசகசாவோ அபினோ போயிருந்தால் கண்ணின் பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருக்கும். ஜாதிக்காய் என்றால் உடம்பு சிவந்து, வாய் காய்ந்து, இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வரும்.

அது வரும்வரை உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. விழிக்காத குழந்தையின் வாயில் பாலும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆம்புலன்ஸ் ஏறும்போது உரைகல்லையும், டப்பாவையும், அரைத்த மிச்சத்தையும், கசகசா வாங்கிய பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையில் “ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?” என்று கேட்பார்கள். “இல்லை டாக்டர், தாய்ப்பால் மட்டும்தான்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. உரை மருந்தையும் கசகசாப் பாலையும் நம் வீடுகளில் மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, கூடவே மாமியார் பக்கத்தில் நிற்பார். அந்த ஒரு பதிலால் சிகிச்சை வேறு திசைக்குப் போய்விடும். மூச்சு மந்தமாக, துவண்டுபோய் வரும் சிசுவைப் பார்த்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது மூளைக்காய்ச்சலையும் ரத்தத்தில் கிருமித் தொற்றையும்தான். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், நேரம் போய்க்கொண்டிருக்கும்.

‘நேற்று ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கசகசாப் பால் கொடுத்தோம்’ என்ற ஒரு வாக்கியம் கிடைத்தால் நிலைமை வேறு. மார்ஃபினுக்கு நாலக்சோன் என்ற நேரடி மாற்று மருந்து இருக்கிறது. ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே மூச்சு சீராகிக் குழந்தை கண் திறந்து அழும். ஆனால் நாலக்சோனின் வேகம் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே குறைய ஆரம்பித்துவிடும், மார்ஃபினோ அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். அதனால் குழந்தை மறுபடியும் மயக்கத்துக்குள் போகலாம், மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க நேரலாம். குழந்தை அழுதுவிட்டது, பால் குடித்துவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்காமல், குறைந்தது ஒரு நாளாவது வார்டில் வைத்துப் பார்க்க விட வேண்டும்.